பிரீசரிலிருந்து நேராகக் குவாலிக்கு: உறைந்த பட்டாணி எந்த வழியில் போனால் நீர் விடாது?

பினாங்கில் பச்சைப் பட்டாணி சமைக்கிறேன் என்றால் அது பெரும்பாலும் பிரீசரிலிருந்து வந்த பட்டாணிதான். பட்டாணிக்குக் குளிர் வேண்டும், நம் வெயிலில் அது காய்க்காது. சந்தையில் எனக்குக் கிடைப்பது தோலோடு தின்னும் தட்டைப் பட்டாணி. உரித்த பச்சை மணிகளைப் பார்ப்பது அபூர்வம். அதனால் பட்டாணியும் சரி, கேரட், சோளம், பட்டாணி கலந்த மூவண்ணக் காயும் சரி, பேரங்காடியில் வாங்கி அடுக்கி வைத்துவிட்டு, வேலை முடிந்து வரும் நாளில் பொட்டலத்தை வெட்டி அப்படியே கொட்டுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

அந்த வழக்கம் ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கவிழ்த்தது. சைவச் சாப்பாடு, எட்டுப் பேர். கடுகு, உளுந்து, வெங்காயம் எல்லாம் அழகாகத் தாளித்து, 500 கிராம் மூவண்ணக் காயை ஒரே மூச்சில் குவாலியில் கொட்டி, சீக்கிரம் வேகட்டும் என்று உப்பையும் போட்டு மூடிவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் அடியில் ஒரு விரல் தண்ணீர். அதை வற்ற வைத்து முடிப்பதற்குள் கேரட் குழைந்தது, பட்டாணி சுருங்கிப் பழுப்பேறியது, உளுந்து ஊறிப் போயிற்று. அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏம்மா, இது பொரியலா, கூட்டா?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு ஒரே வகைப் பொட்டலத்தை ஒவ்வொரு வழியிலும் சமைத்துப் பார்த்தேன். எந்தப் பதார்த்தத்துக்கு எந்த வழி என்று எனக்குள் தீர்த்துக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், அது தெரியாமல் வழிகளை ஒப்பிட முடியாது. பொட்டலத்துக்குள் இரண்டு தண்ணீர் இருக்கிறது. ஒன்று காயின் உள்ளே இருப்பது. பட்டாணியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். உறையும்போது அது ஊசி ஊசியாகப் பனியாகி உள்ளறைகளின் சுவரைக் கிழித்துவிடுகிறது, உருகும்போது கிழிசல் வழியாகக் கசிகிறது. இதை நாம் தடுக்க முடியாது, கசிவதைக் குறைக்கத்தான் முடியும். மற்றொன்று காயின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் பனித்தூள். கடையிலிருந்து காரில் வரும் வழியில் பொட்டலம் இளகி, வீட்டில் மறுபடி உறையும்போது காயின் ஈரமே வெளியேறி மேலே ஒட்டிக்கொள்கிறது. பிரீசர் கதவைத் திறந்து திறந்து மூடும் வீட்டில் இது இன்னும் கூடும். பொட்டலத்தைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். கோலிக்குண்டு போல் கலகலவென்று சத்தம் வந்தால் நல்ல சரக்கு. செங்கல் மாதிரி ஒரே கட்டியாக இருந்தால் அது வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்தது. அதைப் பொரியலுக்கு எடுக்காதீர்கள், குருமாவுக்கு ஒதுக்கி வையுங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. தொழிற்சாலையில் உறைய வைப்பதற்கு முன்பே காயைக் கொதிநீரிலோ ஆவியிலோ கொஞ்ச நேரம் காட்டி எடுத்துவிடுகிறார்கள், நிறமும் ருசியும் பிரீசரில் கெடாமல் இருக்க. ஆகவே நம் கைக்கு வருவது அரைவேக்காட்டுக் காய். பச்சைக் காய்க்குக் கொடுக்கும் நேரத்தை இதற்கும் கொடுத்தால் குழையத்தான் செய்யும்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

என் அம்மா காலத்து வழி கொதிநீரில் போட்டு வடிப்பது. சாலட்டுக்கும் சேண்ட்விச்சுக்கும் இது போதும், காய் சமமாகச் சூடேறும். ஆனால் பட்டாணியின் இனிப்பு தண்ணீரில் கரையக்கூடியது, வடித்த தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். தொழிற்சாலையில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை என்று இரண்டு குளியல் ஆன பட்டாணியில் சப்பென்ற ருசிதான் மிஞ்சும். வடித்ததும் ஈரம் சொட்டச் சொட்டக் குவாலிக்குப் போவது இன்னொரு தொல்லை. பட்டாணி மட்டும் என்றால் உப்பிட்ட நிறைய தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, மறுபடி கொதி வந்த ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவேன். இதற்கு மேல் இந்த வழிக்குப் பரிந்து பேச எனக்கு ஒன்றுமில்லை.

இதற்கு ஒரு சோம்பேறித் தம்பி உண்டு: கிண்ணத்தில் பட்டாணியைக் கொட்டிக் கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றி மூடி வைப்பது. நானும் வெகுநாள் செய்தேன், கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன். பனியை உருக்கவே ஏராளமான சூடு வேண்டும். உறைநிலையில் இருக்கும் தண்ணீரை 80 டிகிரிக்கு ஏற்றும் சூடு எவ்வளவோ, அதே எடைப் பனியை வெறுமனே உருக்குவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு பிடிக்கும். 300 கிராம் உறைந்த பட்டாணியில் 1 லிட்டர் கொதிநீரை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து 60 டிகிரியைச் சற்றுத் தாண்டி நிற்கும். கிண்ணம் உறிஞ்சும் சூட்டைக் கழித்தால் அதற்கும் கீழே. தொட்டால் சூடாகத்தான் தெரியும், ஆனால் வேகாது. இது ருசிக் குறை மட்டுமல்ல. ஐரோப்பாவில் 2015 முதல் 2018 வரை உறைந்த சோளத்திலும் அதோடு வந்த காய்களிலும் இருந்த லிஸ்டீரியா கிருமியால் 5 நாடுகளில் 47 பேர் நோயுற்றார்கள், 9 பேர் இறந்தார்கள். தொழிற்சாலையில் கொடுக்கும் வெந்நீர்க் குளியலை நம்பி இந்தக் காயை அப்படியே தின்னக்கூடாது, உள்வரை ஆவி பறக்கும் சூடு ஏற வேண்டும். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியோ வயதானவர்களோ இருந்தால் இந்த வெந்நீர் ஊற்றும் வித்தை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, முதலில் உருக வைத்துப் பிறகு சமைப்பது. பக்கத்து வீட்டு அக்கா இதைத்தான் சத்தியம் செய்து சொல்வார். "தண்ணிய முன்னாலயே விட்டுட்டா சட்டியில எப்படிலா விடும்?" என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மெதுவாக உருகும் காய் நிறைய கசிகிறது, துவண்டும் போகிறது. குவாலியில் போட்டுக் கிளறினால் கேரட்டின் முனை மழுங்கி, சோளம் தோலும் சதையுமாகப் பிரிகிறது. நம் ஊர்ச் சூட்டில் மேசைமேல் மணிக்கணக்கில் காயை விட்டுவைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வழி பொருந்துவது ஒரே ஒரு சரக்குக்கு: கட்டியாக உறைந்த பசலைக்கீரை. அதைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக வைத்து, கையால் இறுக்கிப் பிழிந்துதான் போட வேண்டும். நேராகப் போட்டால் பாதி கீரை, பாதி குளம்.

பொரியலுக்கு என் ஓட்டு நேராகக் குவாலிக்குத்தான். அன்றைக்கு என்னைக் கவிழ்த்ததும் இதே வழிதானே என்று கேட்பீர்கள். வழி அதேதான். அன்று நான் நான்கு இடத்தில் தப்பு செய்தேன்: அளவு, மூடி, உப்பு, வரிசை.

அளவை முதலில் சொல்கிறேன். பனி உருகும் நேரத்தில் குவாலியின் சூடு மடமடவென்று இறங்கிவிடும். வீட்டு அடுப்பின் தீ அதைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் போடக்கூடாது. காய் ஒற்றை அடுக்காகப் பரவ வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மேலே இருப்பது கீழே இருப்பதன் நீராவியில் வேகும். சாப்பாட்டுக் கடைக்காரர் ஒரே தடவையில் எல்லாவற்றையும் வதக்குகிறாரே என்றால், அவர் அடுப்பின் தீ வேறு. நம்முடையதைக் கொண்டு அவரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள முடியாது.

போடுவதற்கு முன்னால் ஒரு வேலை. காயைப் பெரிய ஓட்டை உள்ள வடிகட்டியில் கொட்டி, தொட்டியின் மேல் பத்துத் தடவை நன்றாகக் குலுக்குங்கள். பனித்தூள் வெள்ளையாக உதிரும். அற்ப வேலையாகத் தெரியலாம், ஆனால் ஒரு கிராம் பனியை உருக்குவதைப்போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு சூடு வேண்டும், அந்த ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க. குவாலிக்குள் போன தண்ணீரைத் தீயால் விரட்டுவதுதான் நேரத்தைத் தின்கிறது, காயும் அதில்தான் குழைகிறது. பனியாக இருக்கும்போதே உதிர்த்துவிட்டால் ஒன்றும் செலவில்லை. எண்ணெய் தெறிப்பதும் குறையும்.

இப்போது வரிசை. நாம் வழக்கமாகத் தாளித்துவிட்டுக் காயைப் போடுகிறோம். உறைந்த காய்க்கு இதைத் திருப்பிப் போடுங்கள். இரும்புக் குவாலியைச் சூடாக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது முத்தாக உருண்டு ஓடும் பதம் வந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுக் காயைப் பரப்புங்கள். ஒரு நிமிடம் கரண்டியே படக்கூடாது. பிறகு புரட்டிவிட்டு மறுபடி ஒரு நிமிடம் சும்மா விடுங்கள். காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய இடம் இது. சடசடவென்று வறண்ட சத்தம் கேட்கும்வரை நல்லது. கொதகொதவென்று மாறினால் அடியில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். உடனே காயைக் குவாலியின் ஓரங்களுக்கு ஏற்றி நடுவில் குழி செய்யுங்கள். தண்ணீர் நடுவில் கூடிக் கொதித்து வற்றும், காய் அதில் ஊறாமல் மேலே நிற்கும். தண்ணீர் மூன்று நான்கு கரண்டி அளவுக்குச் சேர்ந்துவிட்டால் வற்றக் காத்திருக்காதீர்கள், சாய்த்து ரசத்திலோ சாம்பாரிலோ ஊற்றிவிடுங்கள். நான்கைந்து நிமிடத்தில் கேரட்டின் முனையில் பழுப்புப் புள்ளி தெரியும். பட்டாணி பச்சையாகத்தான் இருக்கும். தட்டில் கொட்டிப் பரப்பிவிட்டு இரண்டாவது 250 கிராமைப் போடுங்கள்.

இரண்டும் முடிந்த பிறகு, அதே குவாலியில் கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம். உளுந்து மொறுமொறுவென்று இருக்கும்போதே காயைத் திருப்பிப் போட்டு, உப்பு, தேங்காய்ப்பூ சேர்த்து, முப்பது எண்ணுவதற்குள் இறக்கலாம். உப்பு முன்னால் விழுந்தால் காயின் நீரை வெளியே இழுத்துவிடும், அதனால்தான் கடைசியில். மூடி இந்தக் கதையில் எங்குமே கிடையாது.

எங்கள் வீட்டில் மறு வெள்ளிக்கிழமை இப்படித்தான் செய்தேன். எட்டுப் பேர், அதே 500 கிராம், இரண்டு தடவையாக, தாளிப்போடு சேர்த்துக் கால் மணி நேரம். ஒட்டாத பூச்சுச் சட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி முழுதாகப் பலிக்காது. வெறும் சட்டியை அவ்வளவு சூடேற்றினால் பூச்சு கெடும். எண்ணெயோடு நடுத்தரத் தீயில் வைத்து, ஒரு தடவைக்கு 150 கிராம் என்று சுருக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு அடுத்த வழியே மேல்.

அது மைக்ரோவேவ். சமையலில் கைதேர்ந்தவர்கள் இதன் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தவள்தான். ஆனால் பட்டாணியை மட்டும் எடுத்துக்கொண்டால், கொதிநீரைவிட இது எல்லா வகையிலும் மேல். இனிப்பு கரைந்து போக அங்கே தண்ணீரே இல்லை. பனியை உதிர்த்த 300 கிராம் பட்டாணியை அகலமான பீங்கான் தட்டில் பரப்பி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, 800 வாட்டில் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். பொட்டலத்தின் பின்னால் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தாலும் ஊற்ற வேண்டாம். எடுத்துக் கிளறி இன்னும் இரண்டு நிமிடம். நடுவில் கிளறுவதைத் தவிர்க்க முடியாது. மைக்ரோவேவின் அலை தண்ணீரைச் சட்டென்று சூடாக்கும், பனியைச் சூடாக்குவதில் மந்தம். முதலில் உருகிய ஓரம் கொதிக்கும்போது நடுப் பட்டாணி இன்னும் பனியாகவே கிடக்கும்.

எடுத்தவுடன் மேல்தட்டை அகற்றி, தேங்கிய நீரை வடித்து, அகலமான தட்டில் பரப்பி இரண்டு நிமிடம் விடுங்கள். இதைத்தான் நிறைய பேர் செய்வதில்லை. சூட்டோடு பரப்பிய பட்டாணி தன் சூட்டாலேயே மேல் ஈரத்தை ஆவியாக விட்டு உலர்ந்துவிடும். கிண்ணத்தில் குவித்து மூடினால் அதே ஆவி திரும்பத் தண்ணீராகச் சொட்டும். நாசி கோரெங்குக்கும் மீஹூன் கோரெங்குக்கும் நான் வேறு வழியே வைத்துக்கொள்வதில்லை. நேற்றைய சோறு குவாலியில் உதிரி உதிரியாக வறுபடும்போது உறைந்த பட்டாணியைக் கொட்டினால் சோறு அத்தனை நீரையும் குடித்துக் கொழகொழத்துவிடும். உலர்த்திய பட்டாணியை இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு போட்டுப் புரட்டினால் போதும். ஒட்டாத சட்டிக்காரர்கள் பொரியலுக்கும் இப்படியே உலர்த்தி, தாளிப்பில் போட்டுப் புரட்டிக்கொள்ளலாம். பழுப்புப் புள்ளியும் வறுத்த வாசமும் மட்டும் கிடைக்காது.

ஏர் பிரையர் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டாணிக்கு ஆகாது, சுருங்கிக் கடலை போல் கெட்டியாகிவிடும். ஆனால் உறைந்த காலிபிளவருக்கும் புரோக்கோலிக்கும் இதை அடிக்க ஆளில்லை. 200 டிகிரியில், முதல் ஐந்து நிமிடம் எண்ணெய் இல்லாமல். ஏனென்றால் பனிமேல் எண்ணெயும் மசாலாவும் ஒட்டாது, வழிந்து அடியில் போய்விடும். கூடையை எடுத்து அடியில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகு எண்ணெய், மிளகாய்த்தூள், சீரகத்தூள் புரட்டி இன்னும் எட்டுப் பத்து நிமிடம். கூடையை நிரப்பினால் மறுபடி ஆவிக் குளியல்தான்.

குருமா, சாம்பார், பட்டாணி மசாலா போன்ற குழம்பு வகைகளுக்கு இந்தப் போராட்டம் எதுவும் தேவையில்லை, உறைந்ததை நேராகப் போடலாம். இரண்டே கவனம். குழம்பை வழக்கத்தைவிட ஒரு படி கெட்டியாக வைத்திருங்கள், காய் விடும் நீர் அதைச் சரியாக்கிவிடும். இன்னொன்று நேரம். மறுபடி கொதி வந்து மூன்று நான்கு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுகிற மாதிரி கடைசியில் போடுங்கள். தக்காளியும் புளியும் சேர்ந்த குழம்பில் பட்டாணி நெடுநேரம் கொதித்தால் புளிப்பும் சூடும் சேர்ந்து பச்சை நிறத்தை ராணுவச் சட்டை நிறமாக்கிவிடும். கல்யாண வீட்டுக் குருமாவில் பட்டாணி மங்கித் தெரிவது இதனால்தான், காயைக் குறை சொல்லிப் பயனில்லை.

நீர் விடாமல் செய்தும் சப்பென்று இருக்கிறதே என்பவர்களுக்கு: பட்டாணியின் தோலுக்குள் உப்பு சட்டென்று இறங்குவதில்லை. சுடச்சுட இருக்கும்போது கரண்டியின் முதுகால் கால்வாசிப் பட்டாணியை லேசாக நசுக்கிவிடுங்கள். உடைந்தவை உப்பையும் தாளித்த எண்ணெயையும் பிடித்துக்கொண்டு, உடையாதவற்றின் மேல் பூசிக்கொள்ளும். ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, குளியலில் போன இனிப்பைத்தான் திருப்பித் தருகிறோம். எலுமிச்சை பிழிவதானால் அடுப்பை அணைத்த பிறகு.

ஆக, எங்கள் வீட்டில் இப்போது வெள்ளிக்கிழமைப் பொரியலுக்கு இரும்புக் குவாலி, வார நாள் நாசி கோரெங்குக்கு மைக்ரோவேவ், குருமாவுக்கு நேரே பிரீசர். கட்டியாகிப் போன பொட்டலம் எது வந்தாலும் அதுவும் குருமாவுக்கே. அத்தை மட்டும் அந்த மறு வெள்ளிக்கிழமை பொரியலை இரண்டாவது தடவை போட்டுக்கொண்டே, "இன்னிக்குக் கூட்டு வைக்கலயா?" என்று கேட்டார்.